பீட்டாவில் ஏன் கழிக்கிறீர்கள்? அணுக்கருச் சமன்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். அணுக்கருப் பாடம் வந்துவிட்டால் விடைத்தாளைத் திருத்துவதற்கு முன்பே எந்த இடத்தில் சிவப்பு மை விழும் என்று எனக்குத் தெரியும். குறியீட்டை மாற்றி எழுதுவது, கூட்டலில் சறுக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை சரிபார்த்தால் போய்விடும். போகாமல் ஒட்டிக்கொள்ளும் சிலவற்றைப் பற்றித்தான் இது. அதிலும் ஒன்றைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வரும்.

பீட்டா வெளியேறியது, அதனால் ஒன்று குறையும்

எரிச்சல் தரும் தவறு இதுதான். ஆல்பா சிதைவை முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். தோரியம்-232 ஓர் ஆல்பா துகளை வெளியிட்டால் நிறை எண்ணில் 4 குறையும், அணு எண்ணில் 2 குறையும்.

²³²₉₀Th → ²²⁸₈₈Ra + ⁴₂He

இதில் யாரும் தப்பு செய்வதில்லை. ஆனால் இதைப் பத்து முறை எழுதியதும் ‘துகள் வெளியே போனால் எண் குறையும்’ என்று கை பழகிவிடுகிறது. அடுத்த வரியில் ரேடியம்-228 பீட்டா சிதைவு அடைகிறது என்றதும் அதே பழக்கத்தில் 88 − 1 = 87 என்று போட்டு, ஃபிரான்சியம் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை ஆக்டினியம், 89.

²²⁸₈₈Ra → ²²⁸₈₉Ac + ⁰₋₁e

போன வருடம் ஒரு மாணவி தோரியம்-232 தொடர் முழுவதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். ஆறு ஆல்பா, நான்கு பீட்டா. நிறை எண் 232 − 24 = 208, சரி. அணு எண்ணுக்கு 90 − 12 − 4 = 74 என்று எழுதினாள். 74 என்றால் டங்ஸ்டன். “டங்ஸ்டன்-208 வந்திருக்கு சார்” என்று நம்பிக்கையோடு சொன்னாள். “இயற்கையில் கிடைக்கும் டங்ஸ்டனில் மிகக் கனமானது 186 தானே, 208 எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன். யோசித்தாள், மறுபடி கூட்டிப் பார்த்தாள், கூட்டலில் பிழை இல்லை. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. வர வேண்டியது 82, அதாவது காரீயம்-208. வித்தியாசம் 8. நான்கு பீட்டாவிலும் ஒன்று கூட்ட வேண்டிய இடத்தில் ஒன்று கழித்திருக்கிறாள், அதனால் ஒவ்வொரு பீட்டாவுக்கும் 2 வீதம் தள்ளிப்போயிருக்கிறது. உங்கள் விடை சரியான விடையைவிட பீட்டா எண்ணிக்கையைப் போல இரு மடங்கு குறைந்திருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சமன்பாட்டின் கீழ்வரிசையை ‘அணு எண்’ என்று மட்டும் நினைப்பதிலிருந்துதான். எலக்ட்ரானுக்கு அணு எண் கிடையாது. அதன் கீழே நாம் எழுதும் −1 அதன் மின்னூட்டம். அணுக்கருவுக்குக் கீழே எழுதும் 88 கூட புரோட்டான்களின் மொத்த மின்னூட்டம்தான். எனவே கீழ்வரிசை முழுக்க மின்னூட்டக் கணக்கு. அம்புக்குறிக்கு இடப்பக்கம் எவ்வளவோ, வலப்பக்கத்தின் கூட்டுத்தொகையும் அவ்வளவு. சேயின் எண் தெரியாவிட்டால் Z என்று வைத்து முழுச் சமன்பாட்டையும் எழுதுங்கள்:

88 = Z + (−1)

இங்கே Z = 89 என்பதைத் தவிர வேறு விடை வரவே முடியாது. ‘பீட்டாவில் ஒன்று கூடும்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். தேர்வு அறைப் பதற்றத்தில் கூடுமா குறையுமா என்று மறந்துபோகும். இந்த ஒரு வரியை எழுதினால் மறதிக்கு இடமில்லை. நேரம் போகிறது என்று இதை எழுதாமல் விடுபவர்கள்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இன்னும் உறுதியாகிவிடும். வெளியே வரும் எலக்ட்ரான் அணுவின் வெளிக்கூட்டிலிருந்து வருவதில்லை. அணுக்கருவுக்குள் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, அந்த நேரத்தில் ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் உருவாகி வெளியேறுகின்றன. (எதிர்நியூட்ரினோவுக்கு மேலும் 0, கீழும் 0, அதனால் பள்ளிக் கணக்கில் பெரும்பாலும் எழுதுவதில்லை.) நியூட்ரான் ஒன்று குறைந்து புரோட்டான் ஒன்று கூடியதால் மொத்தம் அப்படியே இருக்கிறது, நிறை எண் மாறவில்லை. புரோட்டான் கூடியதால் அணு எண் ஒன்று ஏறுகிறது.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. ரேடியம்-228 இல் நியூட்ரான்கள் 228 − 88 = 140. ஆக்டினியம்-228 இல் 139. ஒன்று குறைந்திருக்கிறது, சரி. தவறாக எழுதிய ஃபிரான்சியம்-228 இல் 228 − 87 = 141. நியூட்ரான் கூடிவிட்டது! நியூட்ரான் அதிகமாக இருக்கும் அணுக்கருதான் பீட்டா சிதைவுக்குப் போகிறது. அது முடிந்த பிறகு நியூட்ரான் இன்னும் கூடியிருக்கிறது என்றால் விடை தலைகீழ்.

இதே தொடரில் அடுத்த படியையும் பாருங்கள். ஆக்டினியம்-228 இன்னொரு பீட்டாவை வெளியிட்டு தோரியம்-228 ஆகிறது.

²²⁸₈₉Ac → ²²⁸₉₀Th + ⁰₋₁e

ஓர் ஆல்பாவில் இரண்டு இறங்கி, இரண்டு பீட்டாவில் இரண்டு ஏறி, மறுபடி தோரியத்துக்கே வந்துவிட்டோம். இந்தத் தோரியம்-228 ஐ 1905 இல் ஓட்டோ ஹான் கண்டுபிடித்தபோது அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர். சாதாரணத் தோரியத்திலிருந்து அதை வேதியியல் முறையில் யாராலும் பிரிக்க முடியவில்லை. ஒரே தனிமம், வேறு நிறை என்றால் எப்படிப் பிரியும்? ஐசோடோப்பு என்ற கருத்து உருவானதே இப்படிப்பட்ட பிரிக்க முடியாத ஜோடிகளை வைத்துத்தான். 1913 இல் சாடியும் ஃபஜனும் சொன்ன இடப்பெயர்ச்சி விதி, ஆல்பாவுக்குத் தனிம வரிசையில் இரண்டு இடம் பின்னால், பீட்டாவுக்கு ஓர் இடம் முன்னால் என்று இதையே சொல்கிறது. பீட்டாவில் கழிப்பவர்களின் கணக்குப்படி ரேடியோதோரியத்தின் அணு எண் 86, அதாவது ரேடான், ஒரு வாயு. தோரியத்தோடு ஒரு வாயு கலந்திருந்தால் அதைப் பிரிக்க வேதியியலாளர்கள் திணறியிருக்கவே மாட்டார்கள்.

ஆல்பாவை முதலில் எண்ணாமல் விடுவது

‘யுரேனியம்-238 சிதைந்து காரீயம்-206 ஆகும்போது எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா வெளியாகின்றன?’ இது எல்லாருக்கும் பழக்கமான கேள்வி. பலர் கீழ்வரிசையில் ஆரம்பிக்கிறார்கள். 92 − 82 = 10, ஆல்பாவுக்கு 2 வீதம், ஆக 5 ஆல்பா. பிறகு நிறை எண்ணைப் பார்த்தால் 20 தான் குறைந்திருக்கிறது, குறைய வேண்டியதோ 32. மீதி 12 ஐ எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

மின்னூட்டத்தை ஆல்பாவும் மாற்றும், பீட்டாவும் மாற்றும். நிறை எண்ணை ஆல்பா மட்டும்தான் மாற்றும். எனவே மேல்வரிசையில் ஆரம்பித்தால் குழப்பமே இல்லை. 238 − 206 = 32, நான்கால் வகுத்தால் 8 ஆல்பா. அந்த எட்டும் மின்னூட்டத்தில் 16 ஐக் குறைக்கும்: 92 − 16 = 76. ஆனால் வந்து சேர வேண்டியது 82. இடையில் உள்ள 6 ஐ ஏற்றியது பீட்டாக்கள்தான், ஆக 6 பீட்டா. கடைசியில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்: 82 + 16 − 6 = 92.

மேல்வரிசை வித்தியாசம் நான்கால் வகுபடவில்லை என்றால் கேள்வியையே சந்தேகப்படலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலில் தோரியம்-232 இருக்கிறது. அது சிதைந்து முடிவில் காரீயம்-208 ஆகும், காரீயம்-206 ஆகவே ஆகாது. 232 − 206 = 26, அது நான்கால் வகுபடாது. ஒரு கைப்பிரதியில் இப்படி ஒரு கேள்வி அச்சாகி வந்து, பிள்ளைகள் ஆறரை ஆல்பா என்று விடை எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அரை ஆல்பா வந்தால் பேனாவை வைத்துவிட்டுக் கேள்வியை மறுபடி படியுங்கள்.

நிறை எண்ணை நிறை என்று நினைப்பது

நிறை எண் என்பது புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைதான் மாறாமல் இருக்கிறது. உண்மையான நிறை சிறிது குறைகிறது, அந்தக் குறைவுதான் ஆற்றலாக வெளிவருகிறது; தோரியம்-232 இன் ஆல்பா சிதைவில் அது சுமார் 4 MeV. அதனால் சமன்பாட்டின் மேல்வரிசையில் 4.0026 போன்ற தசம எண்ணை எழுதாதீர்கள்.

காமா

மேலே 0, கீழே 0. தனிமத்தை மாற்றாதீர்கள்.

β⁺ குறியைப் பார்க்காமல் விடுவது

பாசிட்ரானுக்குக் கீழே +1. PET ஸ்கேனில் பயன்படும் ஃபுளூரின்-18 ஆக்சிஜன்-18 ஆக மாறும்போது அணு எண் 9 இலிருந்து 8 க்கு இறங்கும்.

¹⁸₉F → ¹⁸₈O + ⁰₊₁e

கேள்வியில் வெறும் β என்று மட்டும் இருந்தால் பள்ளிப் பாடத்தில் அது எலக்ட்ரான்தான்.

சமன் ஆனதால் அது நடக்கும் என்று நம்புவது

இரண்டு வரிசையும் சமமாக இருந்தால் அந்தச் சிதைவு விதிப்படி தடைபடவில்லை என்றுதான் பொருள். நடக்குமா, எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்பதைச் சமன்பாடு சொல்லாது. காரீயம்-208 ஓர் ஆல்பாவை வெளியிட்டு பாதரசம்-204 ஆவதாக யாரும் அழகாக எழுதிவிடலாம். 208 = 204 + 4, 82 = 80 + 2. எல்லாம் சரி, ஆனால் அப்படி ஒரு சிதைவை இதுவரை யாரும் கண்டதில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் தோரியம் தொடரிலேயே இருக்கிறது. பிஸ்மத்-212 க்கு இரண்டு வழியும் உண்மையாகவே திறந்திருக்கிறது. சுமார் 64 சதவீதம் பீட்டா வழியில் பொலோனியம்-212 ஆகிறது, மீதி 36 சதவீதம் ஆல்பா வழியில் தாலியம்-208 ஆகிறது.

²¹²₈₃Bi → ²¹²₈₄Po + ⁰₋₁e

²¹²₈₃Bi → ²⁰⁸₈₁Tl + ⁴₂He

பொலோனியம் அடுத்து ஓர் ஆல்பாவை விடுகிறது, தாலியம் ஒரு பீட்டாவை விடுகிறது. முதல் வழியில் 83 + 1 − 2, இரண்டாவது வழியில் 83 − 2 + 1. இரண்டுமே 82, இரண்டுமே காரீயம்-208. பீட்டாவில் கழிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டு வழிகளையும் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். கழித்தால் இரண்டிலும் 80 வரும், அதாவது பாதரசம். இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகிறதே என்று அப்போது ஏமாந்துவிடாதீர்கள். நியூட்ரானை எண்ணுங்கள்: பிஸ்மத்-212 இல் 129, ஓர் ஆல்பாவும் ஒரு பீட்டாவும் போனால் 126 தான் மிஞ்ச வேண்டும். பாதரசம்-208 இல் 128 இருக்கும்.