தலைவலிக்கு மருத்துவரிடம் போகும் முன்: ஒரே தாளில் நோயின் காலக்கோடு

"அடிக்கடித் தலை வலிக்கிறது, டாக்டர். எப்போதாவது மாத்திரை போடுவேன்." தலைவலிக்காரர்கள் பெரும்பாலோர் மருத்துவர் முன் அமர்ந்ததும் சொல்வது இதுதான். இதைக் கேட்டு மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒற்றைத் தலைவலி போன்றவற்றை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டித் தராது. நோயாளி சொல்லும் வரலாறுதான் அங்கே முக்கியச் சான்று. அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்குத் தையல் கடை நடத்தும் 42 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்காக அந்தத் தாளை நிரப்புவோம்.

அதற்கு முன் ஒன்று. சில நொடிகளில் உச்சத்தை எட்டிய மிகக் கடுமையான வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தலையில் அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 1: தொடக்கத்துக்கு இரண்டு தேதிகள்

"எப்போதிலிருந்து?" என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் வேண்டும். இந்த வகை வலி வாழ்க்கையில் முதன்முதலில் வந்தது எப்போது என்பது ஒன்று. இப்போதைய அளவுக்கு அது மாறியது எப்போது என்பது இன்னொன்று. பலர் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். அப்போது பழைய நோய் ஒன்று முற்றியதா, புதிய நோய் ஒன்று வந்திருக்கிறதா என்பது தெரியாமல் போகிறது.

தேதி நினைவில்லை என்றால் பொங்கல், பள்ளித் திறப்பு, வீட்டுத் திருமணம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று யோசியுங்கள். "சுமார்" என்று எழுதுவதில் தவறில்லை. நம் தையல்காரர் எழுதுவது: "சுமார் 25 வயது முதல் மாதம் இரண்டு மூன்று முறை. சித்திரை கழிந்த பிறகு, பள்ளிச் சீருடை வேலை குவிந்த நாட்களிலிருந்து, வாரத்தில் பாதி நாள்."

படி 2: ஒரு வலியை முழுதாக, ஒரு மாதத்தை நாள் நாளாக

அண்மையில் வந்த மோசமான வலி ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரமானது, ஒரு பக்கமா இரு பக்கமுமா, விண் விண் என்று தெறித்ததா, பட்டையால் இறுக்கியது போலிருந்ததா? குமட்டல் வந்ததா, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமல் போயினவா? வலியின்போது என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இருட்டறையில் அசையாமல் படுத்திருந்தவருக்கும், வலியோடு தையல் எந்திரத்தை மிதித்தவருக்கும் வேறு வேறு நோய் இருக்கலாம். மருந்து போடாத ஒற்றைத் தலைவலி பொதுவாக 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால், நேர அளவையும் விட்டுவிட வேண்டாம்.

பிறகு, சுவரில் மாட்டும் மாத நாட்காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும் முன் அன்றைய கட்டத்தில் ஓர் எண்: வலி இல்லையென்றால் 0, வேலை செய்ய முடிந்தால் 1, வேலை தடைபட்டால் 2, படுக்க வைத்தால் 3. வலியில்லாத நாளுக்கும் 0 போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் வலி இல்லையா, எழுத மறந்ததா என்று பிறகு உங்களுக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்து மொத்தமாக நிரப்புவதும் உதவாது. மோசமான நாட்கள்தான் அப்போது நினைவுக்கு வரும்.

படி 3: தூண்டுதலைத் தேடும்போது அவசரப்பட வேண்டாம்

வலி வந்த பிறகு "நேற்று என்ன சாப்பிட்டேன்?" என்று தேடினால் ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். ஆகவே வலி வந்தாலும் வராவிட்டாலும் நான்கைந்து விஷயங்களை மட்டும் தினமும் குறியுங்கள்: தூங்கிய மணி, தவறிய வேளை உணவு, வெயிலில் அலைந்தது, வழக்கமான காபி தவறியது. பெண்கள் மாதவிடாய் தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னிருந்து மூன்றாம் நாள் வரை வலி திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை மருத்துவர் பார்ப்பார். பட்டினி கிடந்தும் வலி வராத நாட்கள் பல இருந்தால், பட்டினி மேல் உள்ள சந்தேகம் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்து இறுக்கம், ஓயாத கொட்டாவி, இனிப்பின் மேல் திடீர் ஆசை ஆகியவை ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறிகளாகவும் இருக்கலாம். வலிக்குச் சில மணி நேரம் முன்பே அவை தொடங்கிவிடும். நம் தையல்காரர் "குனிந்து தைப்பதால் கழுத்து பிடித்து, அதனால் தலை வலிக்கிறது" என்று நம்புகிறார். அந்த முடிவை எழுதாமல் "கழுத்து இறுக்கம் காலை 10 மணி, தலைவலி 1 மணி" என்று நேரத்தை மட்டும் எழுதினால் போதும்.

படி 4: மாத்திரைக் கணக்கு

மிகுந்த கவனம் கேட்பது இந்தப் பகுதிதான். வலி நிவாரணியே அளவு மீறினால் தலைவலியை உண்டாக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுவந்தால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும். ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள்தான். அதனால் மாத்திரை போட்ட நாளுக்கு "மா" என்று கட்டத்தில் எழுதுங்கள்.

அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் உட்பொருளும் மில்லிகிராம் அளவும் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். இரண்டு வேறு பெயர்களில் ஒரே பாராசிட்டமால் இருக்கலாம். "தலைவலி மாத்திரை" என்று கடையில் ஒற்றையாக வெட்டித் தருவதில் பாராசிட்டமாலுடன் கஃபீனும் கலந்திருக்கலாம். பெயர் வெட்டுப்பட்டிருந்தால் கடைக்காரரிடம் முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட நேரம், வலி குறைந்த நேரம், திரும்பி வந்த நேரம் மூன்றும் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, கருத்தடை மாத்திரை, சித்த மருந்து, முன்பு போட்டு நிறுத்தியவை ஆகியவற்றையும் சேருங்கள்.

படி 5: ஒரு பக்கமாகச் சுருக்குதல்

தையல்காரரின் தாள் இப்படி முடிகிறது:

வயது 42. சுமார் 25 வயது முதல் மாதம் 2–3 முறை, மாதவிடாயை ஒட்டி. மே மாதம் முதல் அதிகம்.
அக்டோபர்: 31 நாளில் வலி 18 நாள். அதில் படுக்க வைத்தவை 6.
கடுமையான வலி: வலப்பக்கம், தெறிப்பு, குமட்டல், வெளிச்சம் ஆகாது. மருந்தில்லாமல் ஒரு நாள் முழுதும்.
மற்ற நாட்கள்: காலையில் எழும்போதே மந்தமான வலி, இரு பக்கமும்.
மாத்திரை போட்ட நாட்கள் 16. பாராசிட்டமால் 500 மி.கி. மட்டும் 5 நாள், கஃபீன் கலந்தது 11 நாள். மே மாதம் முதல் இதே அளவு.
மாத்திரைக்குப் பின் 4 மணி நேரம் நிம்மதி, பிறகு மீண்டும் வலி.
வேறு மருந்து இல்லை.

"எப்போதாவது மாத்திரை" என்பது 16 நாளாக மாறியதைக் கவனியுங்கள். பழைய ஒற்றைத் தலைவலியின் மேல் மாத்திரையால் வந்த தலைவலி ஏறியிருக்கலாம் என்று மருத்துவர் யோசிப்பதற்கு இப்போது வழி கிடைத்துவிட்டது. அது சரியா என்பதைப் பரிசோதித்து அவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையை எப்படி நிறுத்துவது என்பதும் அவருடைய முடிவு. நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடுவதுண்டு.

ஓ.பி. சீட்டோடு இந்தத் தாளை மேலே வைத்துக் கொடுங்கள். நாட்காட்டியும் மாத்திரை அட்டைகளும் பையில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். எழுந்து வரும் முன், அடுத்த முறை வரும்வரை எதையெல்லாம் குறித்துவர வேண்டும் என்று கேட்டு, அதே தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.