ரிப்பீட்டபிலிட்டியும் இன்டர்மீடியட் பிரிசிஷனும்: 12 அளவீடுகளை எப்படிப் பகிர்வது?

பாராசிட்டமால் மாத்திரையில் உள்ள மருந்தின் அளவை எச்.பி.எல்.சி. கருவியால் கண்டறியும் முறை ஒன்றை வாலிடேட் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஆய்வாளர், ஒரே கருவியில், குறுகிய நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்யும்போது முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது ரிப்பீட்டபிலிட்டி. அதே ஆய்வகத்துக்குள் நாள், ஆய்வாளர், கருவி ஆகியவை மாறும்போது காணப்படும் மொத்தச் சிதறல் இன்டர்மீடியட் பிரிசிஷன். முன்னது இதற்குள் அடங்கும்.

படி 1: எதைத் திரும்பச் செய்வது என்று முடிவுசெய்யுங்கள். ஒரே குப்பியில் உள்ள கரைசலை ஆறு முறை இன்ஜெக்ட் செய்தால் இன்ஜெக்டரின் சிதறல்தான் தெரியவரும். ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் மாத்திரைத் தூளைப் புதிதாக எடைபோட்டு, கரைத்து, வடிகட்ட வேண்டும். ஸ்டாண்டர்டு கரைசலையும் நாள்தோறும் புதிதாகத் தயாரியுங்கள்; முதல் நாள் கரைசலையே ஓட்டினால் அதன் எடைப்பிழை எல்லா நாள்களிலும் ஒன்றாகவே இருந்து, கண்ணில் படாமல் போய்விடும்.

படி 2: நாள்களைப் பகிருங்கள். ரிப்பீட்டபிலிட்டிக்கு 100% செறிவில் குறைந்தது 6 அளவீடுகள் போதும் என்கிறது ICH Q2 என்ற சர்வதேச வழிகாட்டுதல். நாளுக்கு ஆறு வீதம் இரண்டு நாள்களில் மொத்தம் 12 அளவீடுகள் செய்துவிட்டு இன்டர்மீடியட் பிரிசிஷனும் முடிந்தது என்பவர்கள் உண்டு. ஆனால் நாளுக்கு நாள் வரும் வேறுபாட்டை அங்கே இரண்டே சராசரிகளிலிருந்து கணிக்கிறோம், அது நம்பத்தக்கதல்ல. அதே 12 அளவீடுகளை ஆறு நாள்களுக்கு, நாளுக்கு இரண்டாகப் பிரிப்பதே என் தேர்வு. ஆய்வாளர்களையும் கருவிகளையும் மாற்றி மாற்றி இணையுங்கள். ஒருவர் எப்போதும் ஒரே கருவியில் வேலை செய்தால், வேறுபாடு ஆளால் வந்ததா கருவியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

படி 3: கணக்கிடுங்கள். மாத்திரையில் இருக்க வேண்டிய மருந்தளவின் சதவீதமாக, விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை:

```
நாள்      1     2      3     4     5      6
சராசரி   99.6  100.7  99.0  99.9  100.8  99.4
வேறுபாடு 0.4   0.6    0.2   0.6   0.4    0.2
```

வேறுபாடு என்பது அன்றைய இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான இடைவெளி; கீழே அதுதான் d. s_r ரிப்பீட்டபிலிட்டியின் திட்டவிலக்கம், s_நாள் நாள்களுக்கு இடையிலானது, s_IP இன்டர்மீடியட் பிரிசிஷனுடையது.

```
s_r² = Σd²/(2×6) = 1.12/12 = 0.093
சராசரிகளின் s² = 0.52
s_நாள்² = 0.52 − 0.093/2 = 0.473
s_IP² = 0.093 + 0.473 = 0.566
```

நாள் சராசரியிலும் நாளுக்குள்ளான சிதறலின் ஒரு பகுதி கலந்திருப்பதால்தான் 0.093/2 கழிக்கப்படுகிறது. கழித்தபின் எதிர்மறை எண் வந்தால் அதைச் சுழியமாகக் கொள்ளுங்கள். திட்டவிலக்கங்களாகப் பார்த்தால் ரிப்பீட்டபிலிட்டி 0.31, இன்டர்மீடியட் பிரிசிஷன் 0.75. சராசரி 99.9 என்பதால், சராசரியின் சதவீதமாகச் சொன்னாலும் ஏறத்தாழ அதே எண்கள்தான். பன்னிரண்டையும் ஒன்றாகக் கொட்டித் திட்டவிலக்கம் எடுத்தால் 0.72தான் வரும், நாள்கள் குறையக் குறைய இந்தக் குறைமதிப்பீடு பெரிதாகும்.

இங்கே சிதறலின் பெரும்பகுதி நாள்களுக்கு இடையில் உள்ளது. எனவே வழக்கமான சோதனையில் ஒரே நாளில் இரண்டு மாதிரிகள் தயாரித்துச் சராசரி எடுத்தாலும் திட்டவிலக்கம் 0.75இலிருந்து 0.72ஆகத்தான் குறையும். முதலில் ஆராய வேண்டியது, நாள்தோறும் மாறும் ஸ்டாண்டர்டு எடையையும் மொபைல் ஃபேஸ் தயாரிப்பையும்தான்.