ஒருவர் சம்பளம், ஆறு பேர் சாப்பாடு: அவசரகாலப் பணம் எவ்வளவு வேண்டும்?

சம்பளத்தை ஆறால் பெருக்கிச் சேர்த்துவைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் செலவிலிருந்துதான் தொடங்குவேன். உதாரணத்துக்கு, கடலூர் முதுநகரில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். கணவருக்கு சிப்காட் ஆலையில் 34,000 ரூபாய் சம்பளம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான பெற்றோர் அவரை நம்பியிருக்கிறார்கள்.

படி 1: நிறுத்த முடியாத செலவு

வேலை போன மறுநாளும் நிற்காத செலவுகளை மட்டும் எழுதுங்கள். வாடகை 6,500, மளிகை, பால், எரிவாயு 9,500, பெற்றோரின் மாத்திரை 2,800, மின்சாரம், போன், பெட்ரோல் 2,200, வண்டிக் கடன் தவணை 3,000. மொத்தம் 24,000.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் ஆண்டுக்கு 48,000 ஆகிறது, மாதத்துக்கு 4,000. ஆகவே 28,000. சீட்டு கட்டுகிறீர்களா? எடுத்துவிட்ட சீட்டு என்றால் அதுவும் கடன்தான், பட்டியலில் சேருங்கள்.

படி 2: எத்தனை மாதம்?

உங்கள் தொழிலில் கடைசியாக வேலை இழந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்க எவ்வளவு காலம் ஆனது என்று விசாரியுங்கள். நான்கு மாதம் என்று வைத்துக்கொண்டால், முதல் சம்பளம் கைக்கு வர இன்னொரு மாதம், தாமதத்துக்கு ஒரு மாதம். ஆறு மாதத்துக்கு 1,68,000. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஒன்பது மாதம் வைப்பதே நல்லது.

படி 3: பெற்றோருக்குத் தனித்தொகை

நிறுவனம் எடுத்துக்கொடுத்த குழுக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்தாலும் போக்குவரத்து, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வெளியே வாங்கும் பொருள்கள் என்று பணம் கரையும். இந்த வீட்டுக்கு 40,000 ஒதுக்குகிறேன். மொத்தம் 2,08,000.

படி 4: எங்கே வைப்பது?

இதில் 5,000 ரூபாயைச் சில்லறை நோட்டுகளாக வீட்டில் வையுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் ஏடிஎம்மை நம்ப முடியாது; போனில் சார்ஜ் தீர்ந்தால் யுபிஐயும் இல்லை.

இரண்டு மாதச் செலவான 56,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதி 1,47,000 ரூபாயை 49,000 வீதம் மூன்று வைப்புத்தொகைகளாகப் பிரியுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்ற இரண்டின் வட்டி குறையாது.

படி 5: யார் எடுக்க முடியும்?

சம்பாதிப்பவரே மருத்துவமனையில் படுத்துவிட்டால், அவர் பெயரில் மட்டும் இருக்கும் பணத்தை மனைவியால் எடுக்க முடியாது. அதனால் சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் வகையில் இருக்க வேண்டும். வைப்புத்தொகையில் ஒரு சிக்கல் உண்டு: கூட்டாகப் போட்டிருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க வங்கிகள் பொதுவாக இருவரின் கையெழுத்தையும் கேட்கும். ஒருவரே உடைக்கலாம் என்ற ஒப்புதலைக் கணக்கு தொடங்கும்போதே எழுதிக்கொடுத்து, வங்கி அதைப் பதிவு செய்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு பணத்தைப் போடுங்கள்.