அவுட்டோர் யூனிட்டுக்குச் சுவர் பிராக்கெட் பொருத்துதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வெயிலுக்கு மாடி அறைகளில் ஏசி போடும் வேலை பங்குனியிலேயே சூடுபிடித்துவிடும். அவசரத்தில் செய்யும் வேலையில் முதலில் கோட்டைவிடுவது அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் பிராக்கெட்டில்தான். பிராக்கெட்டின் இரும்பு வளைந்து யூனிட் விழுவது அபூர்வம். சுவரிலிருந்து ஆங்கர் போல்ட் உருவிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அதனால் இந்த அட்டை முழுக்க ஆங்கரைப் பற்றியே பேசுகிறது. ஒன்றரை டன் யூனிட், சூளைச் செங்கல்லில் கட்டிய ஒன்பது இஞ்சு சுவர், இரண்டு எல் பிராக்கெட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:
- ஹாமர் ட்ரில்லிங் மெஷின், 6 மி.மீ. பிட், ஆங்கர் ஸ்லீவ் அளவுக்கான பிட்
- டேப், ரசமட்டம், பென்சில், வெர்னியர்
- ஸ்பானர் செட், சுத்தியல்
- தூசி ஊதும் பம்பு, துளைக்குள் போகும் பிரஷ்
- 10 × 100 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு, உபரியாக இரண்டு. வாஷர், ஸ்பிரிங் வாஷர், யூனிட் காலுக்கு ரப்பர் புஷ்
- கண்ணாடி, மாஸ்க், கையுறை, சேஃப்டி பெல்ட், கயிறு

மெஷினை எடுக்கும் முன் உள்பக்கம் போய்ப் பாருங்கள். துளை விழும் இடத்துக்கு நேர் பின்னால் சுவிட்ச் பாக்ஸோ குளியலறைக் குழாயோ இருக்கலாம். சுவிட்ச் பாக்ஸிலிருந்து நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் பைப் ஓடும் என்று எண்ணிக்கொண்டு அந்தக் கோட்டைத் தவிர்க்க வேண்டும். அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, மெஷினுக்கு வேறு லைனில் கரண்ட் எடுங்கள். பெல்ட் கயிற்றைத் தூணிலோ பீமிலோ கட்டுங்கள். ஜன்னல் கிரில்லிலும், இப்போது பொருத்தப்போகும் பிராக்கெட்டிலும் கட்டவே கூடாது. கீழே ஆள் நடமாடும் இடத்தைக் கயிறு கட்டி மறியுங்கள்.

பூச்சைச் சுவர் என்று நம்புவது

வெளியே தெரிவது சிமெண்ட் பூச்சு. வெளிச்சுவரில் அது பொதுவாக 15 முதல் 20 மி.மீ. இருக்கும், கோணல் சுவராக இருந்தால் இன்னும் கூடும். அது எடையைத் தாங்காது. பிடிக்க வேண்டியது உள்ளே இருக்கும் செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் சிமெண்ட் ஜாயிண்டிலும் ஆங்கர் நம்பிக்கையாகப் பிடிக்காது, ஸ்லீவ் விரியும்போது அது பொடிந்துபோகும்.

இதைக் கண்டுபிடிக்க 6 மி.மீ. பிட்டால் முதலில் ஒரு சோதனைத் துளை போடுங்கள். கொட்டும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. நிறம் மாறும் இடத்தில் பிட்டில் டேப் ஒட்டினால் பூச்சின் கனம் தெரிந்துவிடும். அதன்பிறகு செங்காவி நிறத்தில் தொடர்ந்து கொட்டினால் செங்கல்லில் இருக்கிறீர்கள். சாம்பல் நிறமே நீண்டு, பிட் லேசாக உள்ளே போனால் ஜாயிண்ட். கெட்டியாக நின்று சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட் பீமாக இருக்கலாம். திடீரென்று பிட் வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். வெளுத்த, மாவு போன்ற தூள் வந்தால் பழைய சுண்ணாம்புக் காரையாகவோ இலேசான வெள்ளை பிளாக்காகவோ இருக்கும்.

ஜாயிண்டில் விழுந்தால் இரண்டு பிராக்கெட்டையும் சேர்த்து மூன்று நான்கு செ.மீ. மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். ஹாலோ பிளாக், காரைக் கட்டு, நாலரை இஞ்சு சுவர் ஆகிய மூன்றிலும் விரியும் ஆங்கர் வேண்டாம். சுவரின் மறுபக்கம் வரை நீளும் த்ரெட் ராடு போட்டு, உள்பக்கம் அகலமான இரும்புத் தகடு வைத்து நட் இறுக்குவதே சரி. உள்ளே தகடு தெரிவது அழகாக இல்லை என்று வீட்டுக்காரர் சொல்வார். காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆனால் முறையை மாற்றாதீர்கள்.

சின்ன ஆங்கர் போதும் என்று நினைப்பது

75 மி.மீ. ஆங்கரில் பிராக்கெட் தகடு, வாஷர், நட் எல்லாம் சேர்ந்து 15 மி.மீ. வெளியே போய்விடும். மீதி 60. அதில் பூச்சு 25 என்றால் செங்கல்லுக்குள் 35 மட்டுமே இருக்கிறது. அதே கணக்கில் 100 மி.மீ. ஆங்கர் 60 மி.மீ. செங்கல்லைப் பிடிக்கும்.

பிடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். யூனிட் 30 கிலோ, அதன் எடை சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கிறது, மேல் போல்ட்டுக்கும் பிராக்கெட்டின் அடிமுனைக்கும் 30 செ.மீ. என்று வைப்போம். மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 30 × 25 ÷ 30 = 25 கிலோ. இரண்டு போல்ட் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பன்னிரண்டரை. கேட்கச் சுளுவாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் செய்ய வரும் 70 கிலோ ஆள் ஒரு பிராக்கெட்டின் நுனியில், சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் கால் வைத்தால், அந்த ஒரு மேல் போல்ட்டில் மட்டும் 93 கிலோ கூடுகிறது. பிராக்கெட்டில் ஏறக் கூடாது என்பதற்கும், மேல் போல்ட்டை ஒருபோதும் ஒப்பேற்றக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

துளையின் அளவும் தூசியும்

10 என்று பாக்கெட்டில் இருப்பது சிலதில் போல்ட்டின் அளவு, சிலதில் ஸ்லீவின் அளவு. பாக்கெட்டைப் பார்த்து பிட் எடுக்காமல் ஸ்லீவின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து அதே அளவு பிட் எடுங்கள். சரியான துளையில் ஆங்கர் சுத்தியலின் மெல்லிய தட்டலுக்கு உள்ளே போகும். கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனால் துளை பெரிது. அதில் துணியோ குச்சியோ திணித்துச் சமாளிக்காமல் வேறு இடத்தில் துளை போடுங்கள்.

ஆங்கர் உள்ளே போகும் 85 மி.மீ. ஆழத்தோடு 10 மி.மீ. கூட்டி, பிட்டில் 95-ல் டேப் ஒட்டுங்கள். செங்கல் உதிர்வதாகத் தெரிந்தால் ஹாமரை நிறுத்தி வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். பிறகு ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுங்கள். தூசி தங்கிய துளையில் ஸ்லீவ் தூசியைத்தான் அழுத்தும். இறுக்கும்போது கெட்டியாகத் தோன்றும், யூனிட்டின் அதிர்வில் தூசி உதிர உதிர லூசாகிவிடும்.

இறுக்குவதில் வேகம்

யூனிட் கால்களின் துளைத் தூரத்தை யூனிட்டிலேயே அளந்து, இரண்டு பிராக்கெட்டையும் ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். நட்டைக் கையால் திருகி முடித்தபின் ஸ்பானரால் இரண்டு மூன்று சுற்றுக்குள் கெட்டிப்பட வேண்டும். அதற்கு மேலும் நட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்லீவ் உள்ளே சுழல்கிறது அல்லது செங்கல் உடைந்துவிட்டது. அந்தத் துளையைக் கைவிட வேண்டியதுதான். கெட்டிப்பட்ட பிறகும் முழு பலத்தில் இறுக்கினால் செங்கல் உள்ளேயே விரிசல் விடும், போல்ட்டைச் சுற்றிப் பூச்சில் மெல்லிய கீறல் ஓடுவது அதற்கு அடையாளம்.

சோதிக்காமல் யூனிட்டை ஏற்றுவது

பிராக்கெட் தகட்டின் ஓரத்தைச் சுவரில் பென்சிலால் கோடிடுங்கள். இரண்டு பிராக்கெட்டின் நுனிக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பை நகராமல் கட்டி, அதன் நடுவில் 50 கிலோ மணல் மூட்டையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது கோடு விலகவில்லை, மேல் போல்ட் அருகே தகட்டுக்கும் சுவருக்கும் இடையே காகிதம் நுழையவில்லை என்றால் யூனிட்டை ஏற்றலாம். காகிதம் நுழைந்தால் நட்டை இன்னும் இறுக்கி ஒப்பேற்றாமல் ஆங்கரைக் கழற்றி இடம் மாற்றுங்கள்.

யூனிட்டை இரண்டு பேராகத் தூக்கி வைத்து, நான்கு காலையும் ரப்பர் புஷ்ஷோடு நட் போட்டு முடிக்கும் வரை தாங்கு கயிற்றை அவிழ்க்கக் கூடாது. விட்டுப்போன சோதனைத் துளைகளைச் சிமெண்டால் அடையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழை அதன் வழியே இறங்கி ஆங்கரைத் துருப்பிடிக்கவைக்கும். முதல் சர்வீஸுக்குப் போகும்போது ஸ்பானரும் எடுத்துச் சென்று நான்கு ஆங்கர் நட்டையும் தொட்டுப் பாருங்கள்.