மேல் கடைவாய்ப்பல் ரூட் கெனால்: மூன்றோடு நிறுத்துவதுதான் தவறு

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், மேல் முதல் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடித்து மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடித்தால் வலி. டிசம்பர் காலையில் பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. “மலைக்குளிர், அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடுவது முதல் தவறு. நரம்பை முழுதாக எடுத்த பல்லுக்குக் குளிர் தெரியாது. பக்கத்துப் பற்களைத் தனித்தனியாகக் குளிர் வைத்துச் சோதித்து, அவை சரியாக இருந்தால் இந்தப் பல்லுக்குள் நரம்பு மிச்சமிருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பல்லுக்கு வேர் மூன்று. கால்வாய் பெரும்பாலும் நான்கு. கன்னப் பக்கத்து முன்வேர் கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி அகன்று, பட்டையாக இருக்கும். அதற்குள் முதல் கால்வாய்க்குப் பின்னே ஒளிந்திருக்கும் மெல்லிய இரண்டாவதைத்தான் எம்பி டூ என்கிறோம். அதைத் தொடாமல் விட்டால் உள்ளே கிடக்கும் திசு அழுகும், கிருமி பெருகும். இரண்டு கால்வாய்களையும் இணைக்கும் இடுக்கு வழியாகவும் வேர்நுனி வழியாகவும் சீழ் எலும்புக்குப் போகும். மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாக நிரப்பியிருந்தாலும் பயனில்லை.

நேராக எடுத்த எக்ஸ்ரேயை நம்புவது இரண்டாவது தவறு. அதில் இரண்டு கால்வாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். குழாயைச் சுமார் 20 டிகிரி பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் நிரப்பு, வேரின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் மறுபாதி காலியாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிபிசிடி ஸ்கேனில் குறுக்குவெட்டைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். அதற்காக நோயாளி கோவைக்கு இறங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது தவறு, பல்லை முக்கோணமாகத் திறப்பது. முதல் கால்வாயின் வாயிலிருந்து அண்ணக் கால்வாயின் வாய்க்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் சுமார் 2 மி.மீ. தள்ளி, கோட்டுக்குச் சற்று முன்புறமாகத்தான் எம்பி டூ-வின் வாய் இருக்கும். முன்சுவரிலிருந்து நீளும் டென்டின் திட்டு அதை மூடியிருக்கும். திறப்பைச் சாய்சதுரமாக்கி, அந்தத் திட்டை அல்ட்ராசோனிக் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். பல நேரங்களில் 1 முதல் 2 மி.மீ. ஆழம் இறங்கினால்தான் வாய் தெரியும். இடையிடையே உலர்த்திப் பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு சொட்டு விட்டால், உள்ளே திசு இருக்கும் இடத்திலிருந்து குமிழி எழும்பும். நுனியை லேசாக வளைத்த 8 அல்லது 10 எண் ஃபைல் அங்கே சிக்கிப் பிடித்தால் அதுதான் வாய். அழுத்தித் தள்ளக் கூடாது. கால்வாய் முதலில் முன்பக்கம் சாய்ந்து பிறகே இறங்கும், அதனால் நேராகத் தள்ளினால் படிக்கட்டுபோல வெட்டு விழும்.

சீவும்போது முனை எப்போதும் முன்பக்கமே நகர வேண்டும். பின்னால் நகர்ந்தால் வேர்கள் பிரியும் கவட்டையில் ஓட்டை விழுந்துவிடும். 2 மி.மீ. இறங்கியும் தட்டுப்படவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்தில் அதற்கு மேல் தோண்டாமல், தற்காலிக அடைப்பு வைத்து, வேர்ச்சிகிச்சை நிபுணரிடம் அனுப்பிவிடுங்கள்.