மிதக்குமா, மூழ்குமா: ஒன்றாம் வகுப்புக்கு ஒரு தண்ணீர்ச் சோதனை, அழிக்க முடியாத ஊக அட்டவணையோடு

ஒரு தொட்டி தண்ணீரும் நாலு பொருளும் இருந்தால் ஆறு வயதுக் குழந்தைகளை அரை மணி நேரம் உட்கார வைத்துவிடலாம். ஆனால் தண்ணீரில் பொருளைப் போட்டு வேடிக்கை பார்ப்பது சோதனை ஆகாது. போடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நினைத்தார்கள், போட்ட பிறகு என்ன நடந்தது, இந்த இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் தண்ணீரை விட அந்தத் தாளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது குழந்தைகளிடம் பென்சிலும் ரப்பரும் கொடுத்திருந்தேன். முடிந்ததும் தாள்களை வாங்கிப் பார்த்தால் எல்லார் ஊகமும் முழுக்கச் சரி! ஒவ்வொரு தாளிலும் ரப்பர் தேய்த்த தடம் இருந்தது. முடிவைப் பார்த்ததும் முன்னால் எழுதியதை அழித்து மாற்றியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தவறாக எழுதினால் அழித்துத் திருத்து என்றுதான் நாம் தினமும் சொல்லிக் கொடுக்கிறோம். அன்றிலிருந்து இந்தச் சோதனைக்குப் பென்சில் கிடையாது, கிரேயான் மட்டும்தான்.

தாளை இப்படித் தயார் செய்யுங்கள்

ஒரு ஏ4 தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் பொருளின் படம். இரண்டாவது "நான் நினைத்தது". மூன்றாவது "நடந்தது". இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னத் தொட்டி வரைந்துவிடுங்கள்: ஒரு சதுரம், மேல்பக்கத்தில் ஒரு அலைக்கோடு, அவ்வளவுதான். குழந்தை எழுத வேண்டியதில்லை. மிதக்கும் என்று நினைத்தால் அலைக்கோட்டின் மேல் ஒரு புள்ளி, மூழ்கும் என்று நினைத்தால் தொட்டியின் அடியில் ஒரு புள்ளி. "மூழ்கும்" என்று எழுத வைத்தால் அந்த ழகரத்தோடு போராடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். எழுத்துப் பயிற்சியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நினைத்தது நீலக் கிரேயானில், நடந்தது சிவப்புக் கிரேயானில். சிவப்பைக் கையில் கொடுக்கும் முன் நீலத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அப்புறம் யாராலும் பழையதை மாற்ற முடியாது.

பொருள்களும் தண்ணீரும்

நாலு குழந்தைகளுக்கு ஒரு தொட்டி போதும். பக்கவாட்டில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் நல்லது. மேலிருந்து மட்டும் பார்த்தால் அடியில் கிடப்பதும் மேலே நிற்பதும் குழப்பமாகத் தெரியும். தண்ணீர் ஒரு சாண் ஆழமாவது இருக்கட்டும். ஆழம் குறைந்தால் மிதக்க வேண்டிய வாழைப்பழம்கூடத் தரை தட்டி நிற்கும்.

பொருள்கள் எட்டு. இவற்றை இரண்டு சுற்றாகப் பிரித்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

முதல் சுற்று: கோலிக்குண்டு, ஸ்டீல் ஸ்பூன், தண்ணீர் பாட்டில் மூடி, தெர்மாகோல் துண்டு.
இரண்டாம் சுற்று: ஜெம் கிளிப், தடித்த மெழுகுவர்த்தி, ஒரு திராட்சை, ஒரு வாழைப்பழம்.

ஆறு வயதில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளிடமும் ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது: கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். முதல் சுற்று அந்த விதிக்கு ஒத்துப்போகும். இரண்டாம் சுற்று அதை உடைக்கும். எட்டையும் கலந்து வைத்தால் குழந்தைக்கு ஏதோ சில சரி, சில தப்பு என்றுதான் தோன்றும். பிரித்து வைத்தால், தான் நம்பியது எந்த இடத்தில் பொய்யானது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

முந்தின நாளே வீட்டில் எட்டையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். காய்கறி, பழங்களில் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. தக்காளி சிலது மிதக்கும், சிலது மூழ்கும். அதனால்தான் அதை நான் சேர்க்கவில்லை.

தரையில் பழைய துணி விரியுங்கள், ஈரத்தில் வழுக்கி விழுவது சட்டென்று நடந்துவிடும். தண்ணீர் இருக்கிற வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திராட்சையையும் கோலியையும் யாரும் வாயில் போடாமல் எண்ணி வாங்கி எண்ணி வையுங்கள்.

முதலில் வார்த்தையைப் பேசி முடிவு செய்யுங்கள்

இதை விட்டுவிட்டால் நடுவில் சண்டை வரும். வாழைப்பழத்தைப் போட்டால் அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கும். "டீச்சர், முங்கிடுச்சு!" என்பான் ஒருவன். "இல்ல, மேல தெரியுது பாரு" என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேருமே பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: அடித்தரையைத் தொட்டுக் கிடந்தால் மூழ்கியது, கொஞ்சமாவது தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மிதக்கிறது. ஒரு உருளைக்கிழங்கையும் ஒரு குச்சியையும் போட்டுக் காட்டி "இது என்ன? அது என்ன?" என்று கேட்டால் போதும். இவை தாளில் இல்லாத பொருள்களாக இருக்கட்டும்.

முதல் சுற்று

தொட்டியை ஒரு துண்டால் மூடி வையுங்கள். தண்ணீர் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். நாலு பொருளையும் கைக்குக் கை மாற்றி, தூக்கிப் பார்க்க விடுங்கள். தொடாமல் ஊகிக்கச் சொன்னால் அது வெறும் குருட்டுச் சீட்டு.

நாலு நீலப் புள்ளியும் வைத்த பிறகு நீலத்தை வாங்கிக்கொண்டு துண்டை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள், ஒரு குழந்தை. மேலிருந்து எறியக் கூடாது. தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி, விரலை எடுத்துவிட வேண்டும். இந்த அமுக்குவது முக்கியம். ஜெம் கிளிப்பை மெதுவாகப் படுக்கை வாக்கில் வைத்தால் அது தண்ணீரின் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். அது மிதப்பது அல்ல, தண்ணீரின் மேல்தோல் போன்ற பரப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒருமுறை அமுக்கிவிட்டால் அடிக்குப் போய்விடும். பாட்டில் மூடி அமுக்கினாலும் திரும்ப மேலே வரும்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு சிவப்புப் புள்ளி. நாலும் முடிந்ததும் தொட்டியை மூடிவிட்டுக் கேளுங்கள்: "எது மூழ்குது, எது மிதக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அநேகமாக "கனமா இருந்தா முங்கும்" என்றுதான் வரும். நீங்கள் சரி என்றும் சொல்ல வேண்டாம், தப்பு என்றும் சொல்ல வேண்டாம். "சரி, இந்த நாலையும் பாப்போம்" என்று அடுத்ததை எடுங்கள்.

இரண்டாம் சுற்று

எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வைத்த தாள் இது:

| பொருள் | நான் நினைத்தது | நடந்தது |
|---|---|---|
| ஜெம் கிளிப் | மேலே | அடியில் |
| மெழுகுவர்த்தி | அடியில் | மேலே |
| திராட்சை | மேலே | அடியில் |
| வாழைப்பழம் | அடியில் | மேலே |

நாலும் மாறிப் போயிருந்தது. முதல் சுற்றில் அவளுக்கு நாலும் சரி. அவள் விதி முழுக்க முழுக்க ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, கனத்தை மட்டும் பார்த்து நாலையும் ஊகித்திருக்கிறாள். ரப்பர் கொடுத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

வாழைப்பழம் மேலே வந்ததும் அவள் அதைத் திரும்ப அமுக்கினாள். திரும்ப வந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள். அப்போதும் வந்தது. "உள்ள காத்து இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

நீலமும் சிவப்பும் வேறு இடத்தில் இருக்கிற வரிசைகளை வட்டம் போடச் சொல்லுங்கள். நாங்கள் அதை "ஆச்சரிய வட்டம்" என்போம். எத்தனை சரி என்று எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த தடவை எல்லாரும் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு தர்ப்பூசணி

ஒரு பெரிய வாளியில் முக்கால் பங்கு தண்ணீர், பக்கத்தில் வாளிக்குள் தாராளமாக அடங்கும் ஒரு முழுத் தர்ப்பூசணி, கையில் அதே திராட்சை. தர்ப்பூசணியை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்க்கட்டும், தூக்க முடியாமல் முனகட்டும். மேலே என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம், அடியில் என்பவர்கள் தரையைத் தொடலாம். அப்புறம் நீங்களே மெதுவாக இறக்குங்கள். அது மிதக்கும். தூக்கவே முடியாத பழம் மேலே, விரல் நுனி அளவு திராட்சை அடியில்.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அவசரப்பட்டு விளக்கம் சொல்லித் தவறுகிறோம். "லேசானது மிதக்கும்" என்று முடித்துவிட்டால் இத்தனை நேரம் பார்த்ததை நாமே பொய்யாக்கிவிடுகிறோம். அடர்த்தி என்ற சொல்லும் இந்த வயதுக்கு வேண்டாம். கேட்டால் நான் இவ்வளவுதான் சொல்வேன்: "எவ்வளவு கனம்னு மட்டும் பாத்தா பத்தாது. அது எவ்வளவு பெருசா இருக்குன்னும் சேர்த்துப் பாக்கணும்." கோலிக்குண்டையும் அதே அளவு தெர்மாகோல் உருண்டையையும் இரண்டு கையில் கொடுத்தால், ஒரே அளவில் ஒன்று கனம், ஒன்று லேசு என்பது அவர்களுக்கே பிடிபடும்.

வாழைப்பழத்துக்குள் காற்று இருக்கிறதா என்று கேட்ட குழந்தைக்கு மறுநாள் பதில் தேடினோம். கடையில் விற்கும் விளையாட்டுக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டிப் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணை எடுத்துத் துடைத்து, கட்டை விரலால் அமுக்கி, ஓட்டையில்லாத மெல்லிய கிண்ணமாக்கித் தண்ணீர் மேல் வைத்தால் மிதக்கும். இதை மட்டும் அமுக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே போனால் மூழ்கிவிடும். மூழ்கினால் ஓரங்களை இன்னும் உயர்த்தி மறுபடி வைக்கலாம். அதற்கும் தாளில் இரண்டு வரிசை: உருண்டை, கிண்ணம். அன்று காலையில் நீலக் கிரேயானை வாங்கியதும் அவள் முதலில் கேட்டது, "நான் நினைச்சது தப்பா இருந்தாலும் அழிக்க வேணாம்ல டீச்சர்?" என்பதுதான்.