அப்பாவின் கேள்விப் புத்தகம் நிரம்பிய விதம்

தன் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசைப்பட்ட அப்பாவுக்கு, வாரத்துக்கு ஒன்றாக 52 கேள்விகள் அச்சிட்ட புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தால் மொத்தமே ஐந்து வரிகள். "சிறுவயதில் வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதுங்கள்" என்பதற்குக் கீழே, "பெரிய வீடு. ஒன்பது பேர் இருந்தோம்" என்று முடித்திருந்தார். குறை அவரிடம் இல்லை, கேள்வியில் இருந்தது.

படி 1: புத்தகம் முழுதாக விரிந்து படுக்க வேண்டும், சுருள்கம்பி கட்டு நல்லது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் வாங்காதீர்கள். அழகான கெட்டி அட்டையும் எனக்குப் பிடிக்காது. அடித்தல் திருத்தல் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே பேனா நின்றுவிடும்.

படி 2: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பிறப்பு பற்றிய கேள்வி அங்கே இருக்கும். அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. முதியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே அதிகம் வரும். அந்தக் கேள்விகளை முதலில் எடுங்கள்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அகலமான கேள்வியை அப்படியே கேட்காமல் ஓர் இடத்துக்குள் சுருக்குங்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்து, அந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொன்னேன். வாசல், சன்னல், படிக்கட்டு என்று கை தானாக நகர்ந்தது. பிறகு ஒரே கேள்வி: "நீங்கள் எங்கே படுப்பீர்கள்?" வாசல் கதவை ஒட்டி ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏன் அங்கே? இரவு வேலை முடிந்து வரும் அண்ணனுக்குத் தாழ்ப்பாள் திறக்க வேண்டுமாம். அண்ணன் தட்டுவதற்கு முன்பே சைக்கிள் சத்தத்தில் விழித்துக்கொள்வாராம். அரை மணி நேரம் பேசினார். "ஏன்" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பின்தான் சைக்கிள் சத்தம் வந்தது.

படி 4: கை நடுங்குபவர் எழுத வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அந்த அரை மணி நேரத்தை எழுத்தாக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அவருடைய சொற்களை இலக்கணப்படுத்தாதீர்கள்.

பின்சேர்க்கை: வரைபடம் போட்டதும் தன் அம்மா அழுதுவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கேயே நிறுத்தி, தொடரலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாமென்றால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

இன்னொருவரின் சந்தேகம், தேதிகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பது. அப்பா பத்து வயதில் வீடு மாறியதாகச் சொன்னார், பள்ளிச் சான்றிதழோ பதின்மூன்று என்கிறது. அவர் சொன்னதை மாற்றாமல், சான்றிதழில் உள்ளதை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.